காரணிகள் கூடினால் கணிப்பும் கூடுமா?



2002ஆம் ஆண்டு கோடையில் இந்திய வானிலைத் துறை ஒரு முன்னறிவிப்பு வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை, நாடு முழுவதற்குமான நீண்டகாலச் சராசரியில் நூற்றுக்கு 101 பங்கு பெய்யும் என்பது அதன் சாரம். ஆனால் பெய்ததோ 81 பங்குதான். ஜூலை மாதத்தில் மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிற்று. நாடு கடும் வறட்சியைக் கண்டது.

அந்த முன்னறிவிப்பு ஒரே ஒரு அறிகுறியைப் பார்த்துச் சொல்லப்பட்டதன்று. பதினாறு அறிகுறிகளை ஒருங்கே சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லப்பட்டது. பதினாறு சாட்சிகள் இருந்தும் எப்படித் தவறியது? இதற்கு விடை தேடும்போது புள்ளியியலில் உள்ள இரண்டு எண்களைப் பற்றி நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்று ஆர்-ஸ்கொயர், மற்றொன்று திருத்திய ஆர்-ஸ்கொயர். முதலில் நம் ஊர்ப் பேருந்திலேயே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பருவமழைக்கு வருவோம்.

ஐந்து மாணவியரின் கணக்கு

அம்பத்தூரில் ஒரு பள்ளிக்குப் பேருந்தில் வரும் ஐந்து மாணவியரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நானே அமைத்துக்கொண்டவை. அவர்கள் வீடுகள் பள்ளியிலிருந்து முறையே 1, 2, 3, 4, 5 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளன. அவர்கள் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரம் முறையே 10, 16, 14, 22, 23 நிமிடங்கள். சராசரி 17 நிமிடம்.

தூரம் எதுவும் தெரியாத ஒருவரிடம், “இந்தப் பெண் வர எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டால், எல்லோருக்கும் 17 என்றுதான் அவரால் சொல்ல முடியும். அப்போது ஒவ்வொருவர் விஷயத்திலும் அவர் செய்யும் பிழை –7, –1, –3, 5, 6. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 120. இதுவே மொத்த வேறுபாடு. நாம் விளக்க வேண்டியது இந்த 120-ஐத்தான்.

இனி தூரத்தையும் சேர்த்துக்கொள்வோம். மீச்சிறு வர்க்க முறைப்படி நேர்கோடு பொருத்தினால், நேரம் = 7.4 + 3.2 × தூரம் என்று வரும். இதன்படி ஐவருக்கும் கணிக்கப்படும் நேரம் 10.6, 13.8, 17, 20.2, 23.4. உண்மையிலிருந்து இவை விலகும் அளவுகளை வர்க்கித்துக் கூட்டிப் பாருங்கள், 17.6 வரும். அதாவது 120 ஆக இருந்த பிழை 17.6 ஆகக் குறைந்துவிட்டது. எவ்வளவு பங்கு குறைந்தது என்று சொல்வதே ஆர்-ஸ்கொயர்:

R² = 1 – (17.6 ÷ 120) = 0.853

நேரத்தில் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கைத் தூரம் விளக்கிவிடுகிறது என்பது இதன் பொருள். இதுவரை எல்லாம் ஒழுங்குதான்.

பயணச்சீட்டின் கடைசி எண்

இப்போது வேண்டுமென்றே ஓர் அபத்தம் செய்வோம். ஒவ்வொரு மாணவியின் பயணச்சீட்டிலும் உள்ள கடைசி இலக்கத்தை இரண்டாவது காரணியாகச் சேர்ப்போம். அவை முறையே 4, 5, 4, 1, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் கடைசி எண்ணுக்கும் வண்டி போய்ச்சேரும் நேரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். எனினும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எஞ்சிய பிழை 17.6-லிருந்து 16.46 ஆகக் குறைகிறது. ஆர்-ஸ்கொயர் 0.853-லிருந்து 0.863 ஆக உயர்கிறது!

இது எப்படி? மீச்சிறு வர்க்க முறை ஒரு புதிய காரணியைப் பெற்றதும், எஞ்சிய பிழை மிகக் குறையும்படி அதற்கு ஒரு கெழுவைத் தேடிக்கொடுக்கிறது. அந்தக் காரணி சிறிதும் உதவாவிட்டால் கெழுவைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றுகொள்ளலாம். ஆகவே நிலைமை முன்னைவிட மோசமாவதற்கு வழியே இல்லை. ஆனால் எந்த எண் வரிசையும் தற்செயலாகச் சிறிதளவாவது மிச்சப் பிழையோடு ஒத்துப்போகும். அந்தச் சிறு ஒற்றுமையையும் முறை விடாமல் பயன்படுத்திக்கொள்கிறது. எனவேதான் காரணியைச் சேர்க்கச் சேர்க்க ஆர்-ஸ்கொயர் ஒருபோதும் இறங்குவதில்லை. அநேகமாக ஏறிக்கொண்டே போகிறது.

இந்த ஏற்றத்துக்கு ஒரு முடிவும் உண்டு. நம்மிடம் இருப்பது ஐந்து மாணவியரின் விவரம் மட்டுமே. தூரம், சீட்டு எண் ஆகியவற்றோடு வீட்டுக் கதவு எண், பிறந்த தேதி என்று இன்னும் இரண்டைச் சேர்த்து நான்கு காரணிகள் ஆக்கிவிட்டால், மாறிலியையும் கூட்டி ஐந்து எண்கள் நம் கையில் இருக்கும். ஐந்து விவரங்களை ஐந்து எண்களால் பொதுவாக அச்சொட்டாகப் பொருத்திவிடலாம். ஆர்-ஸ்கொயர் சரியாக 1 ஆகிவிடும். பிழையே இல்லை! ஆனால் நாம் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. ஐந்து விடைகளை வேறு உருவில் எழுதிவைத்துக்கொண்டோம், அவ்வளவே.

திருத்தம் எங்கே வருகிறது?

இந்தக் குறையைச் சரிசெய்யவே திருத்திய ஆர்-ஸ்கொயர் ஏற்பட்டது. இதன் யோசனை எளியது. பிழைகளின் கூட்டுத்தொகையை அப்படியே ஒப்பிடாதே. அதை எத்தனை சுதந்திரமான விவரங்களிலிருந்து பெற்றாயோ அந்த எண்ணால் வகுத்த பிறகு ஒப்பிடு என்கிறது.

மொத்த வேறுபாட்டைக் காணச் சராசரி என்ற ஒரே எண்ணைத்தான் விவரங்களிலிருந்து எடுத்தோம். ஆகவே அதை n – 1 ஆல் வகுக்கிறோம். எஞ்சிய பிழையைக் காண மாறிலியோடு p காரணிகளின் கெழுக்களையும் எடுத்தோம். ஆகவே அதை n – p – 1 ஆல் வகுக்கிறோம். இங்கே n என்பது விவரங்களின் எண்ணிக்கை, p என்பது காரணிகளின் எண்ணிக்கை. முடிவில் கிடைக்கும் சூத்திரம்:

திருத்திய R² = 1 – (1 – R²) × (n – 1) ÷ (n – p – 1)

பேருந்துக் கட்டணம் போல் இதைக் கருதலாம். உள்ளே ஏறும் ஒவ்வொரு காரணியும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். அது குறைத்துத் தரும் பிழை அந்தக் கட்டணத்தைவிட அதிகமாயிருந்தால் திருத்திய எண் உயரும். குறைவாயிருந்தால் தாழும்.

நம் கணக்கில் பார்ப்போம். தூரம் மட்டும் இருக்கும்போது, திருத்திய எண் = 1 – 0.147 × 4 ÷ 3 = 0.804. சீட்டு எண்ணும் சேர்ந்தபின், 1 – 0.137 × 4 ÷ 2 = 0.726. சாதாரண ஆர்-ஸ்கொயர் ஏறியது, திருத்தியது இறங்கியது. ஏறிய காரணி கட்டணம் செலுத்தவில்லை என்று நமக்குத் தெரிந்துவிட்டது. நான்கு காரணிகள் சேர்த்த விபரீதத்திலோ n – p – 1 என்பது பூஜ்யமாகிவிடுவதால் திருத்திய எண்ணைக் கணக்கிடவே முடியாது. சூத்திரமே கையை விரித்துவிடுகிறது.

தூரத்தை விட்டுவிட்டுச் சீட்டு எண்ணை மட்டும் வைத்துக் கணித்தால் ஆர்-ஸ்கொயர் 0.0095, திருத்தியது –0.32. வர்க்கம் என்ற பெயருடைய எண் எதிர்மறையாகலாமா என்று திகைக்க வேண்டாம். திருத்திய பிறகு அது எதனுடைய வர்க்கமும் அன்று. எதிர்மறையாக வந்தால், ‘இக்காரணியைவிடச் சராசரியையே சொல்லிவிட்டுப் போகலாம்’ என்று பொருள்.

பயனற்ற காரணியால் வரும் தீங்கு ஒரு எண் தாழ்வதோடு நிற்பதில்லை. ஆறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து இரு தோழியர் ஒரே வண்டியில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரக் கணக்கு இருவருக்கும் 26.6 நிமிடம் என்று சொல்லும். சீட்டு எண்ணும் சேர்ந்த கணக்கோ, சீட்டு 9-இல் முடியும் பெண்ணுக்கு 25.2 என்றும், 0-வில் முடியும் பெண்ணுக்கு 27.7 என்றும் சொல்லும். ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தவர்கள் இரண்டரை நிமிட வித்தியாசத்தில் போய்ச்சேர்வார்களாம்! பழைய விவரங்களுக்கு நன்றாகப் பொருந்திய கணக்கு புதியவர்களிடம் எவ்வாறு உளறுகிறது என்பதை இதில் காணலாம்.

பதினாறு சாட்சிகள்

இனி மழைக்கு வருவோம். நம் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளுக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று. செம்பரம்பாக்கமும் புழலும் பெரும்பாலும் அதை நம்பியே நிரம்புகின்றன. ஆனால் நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையே உயிர். அதைத்தான் 1886 முதல் வானிலைத் துறையினர் முன்கூட்டிச் சொல்ல முயன்று வருகிறார்கள். அவ்வாண்டு ஹென்றி பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியை அடிப்படையாகக் கொண்டு முதல் முன்னறிவிப்பை வெளியிட்டார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை, பல காரணிகளை ஒருசேர வைத்துக் கணிக்கும் பன்மடங்குத் தொடர்புப்போக்கு முறையை இதற்குப் பயன்படுத்தினார். 1909இல் அம்முறைப்படி முன்னறிவிப்பு வரத் தொடங்கியது.

1988 முதல் வசந்த் கோவாரிகரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய பதினாறு காரணிகள் கொண்ட கணிப்புமுறை நடைமுறைக்கு வந்தது. வடபகுதி வெப்பநிலை, ஐரோப்பிய-ஆசியப் பனிப்பரப்பு, பசிபிக் கடலின் எல் நினோ நிலை, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரக் காற்றழுத்தம், அர்ஜென்டினாவின் காற்றழுத்தம் முதலியவை அவற்றுள் சில. ஒவ்வொரு காரணிக்கும் தனி அடுக்குக்குறி உண்டாகையால், பொருத்த வேண்டிய எண்கள் பதினாறைவிட அதிகம். இருந்தாலும் நாம் எளிமைக்காகச் சாதாரண நேர்முறையாகவே வைத்து ஒரு கேள்வி கேட்போம்.

நம்மிடம் முப்பது ஆண்டு மழைக் கணக்கு இருக்கிறது. பதினாறு காரணிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூட மழையோடு தொடர்பற்றது, எல்லாம் பயணச்சீட்டு எண்கள்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆர்-ஸ்கொயர் சராசரியாக எவ்வளவு வரும்? இதற்கு விடை p ÷ (n – 1). அதாவது 16 ÷ 29 = 0.55. ஒன்றுமே தெரியாத பதினாறு சாட்சிகள் சேர்ந்து மழையின் வேறுபாட்டில் பாதிக்கு மேல் விளக்கிவிட்டதாகச் சாதிப்பார்கள்! இதே எண்ணைத் திருத்திப் பாருங்கள்: 1 – 0.448 × 29 ÷ 13. இது பூஜ்யம். திருத்தம் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு ஒப்பீடு. முப்பது ஆண்டுகளுக்குப் பதினாறு காரணிகளோடு 0.75 என்று ஒரு கணக்கு வருகிறது. எட்டுக் காரணிகளோடு 0.65 என்று மற்றொன்று வருகிறது என்க. முதலாவதே சிறந்தது என்று அவசரப்படுவோம். திருத்தினால் முதலாவது 0.44, இரண்டாவது 0.52. எட்டே முந்துகிறது.

1988 முதல் 2001 வரை பதினான்கு ஆண்டுகள் நாடளாவிய வறட்சி ஏற்படவில்லை. முன்னறிவிப்புகளும் பெரும்பாலும் ‘இயல்பான மழை’ என்றே இருந்தன. ஆகவே முறை சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டுகளும் கண்ணை மூடிக்கொண்டு ‘இயல்பு’ என்று சொன்னவருக்கும் நல்ல மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். உண்மையான சோதனை 2002இல் வந்தது. அதன்பின் வானிலைத் துறை காரணிகளை மறுபரிசீலனை செய்தது. அவற்றுள் சில மழையோடு கொண்டிருந்த தொடர்பு காலப்போக்கில் தளர்ந்துபோனதைக் கண்டது. 2003இல் எட்டுக் காரணிகளும் பத்துக் காரணிகளும் கொண்ட முறைகள் வந்தன. 2007 முதல் ஏப்ரல் முன்னறிவிப்புக்கு ஐந்து, ஜூன் முன்னறிவிப்புக்கு ஆறு என்று இன்னும் சுருங்கின. 2002இன் தவறு முழுவதும் காரணிகளின் எண்ணிக்கையால் வந்தது என்று சொல்வது நியாயமாகாது. எல் நினோ உருவாகிக்கொண்டிருந்தது. ஜூலை மாத மழை எதிர்பாராத அளவு பொய்த்தது. ஆயினும் சாட்சிகளைக் குறைப்பதே நல்லது என்ற பாடம் அந்த மாற்றங்களில் தெளிவாகத் தெரிகிறது.

திருத்தியதும் ஏமாறும் இடம்

அப்படியானால் திருத்திய ஆர்-ஸ்கொயரைப் பார்த்துக் காரணிகளைத் தேர்ந்தால் போதுமா? போதாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இதன் கட்டணம் மிக மலிவு. ஒரு காரணியின் கெழுவை அதன் திட்டப் பிழையால் வகுத்து வரும் எண் 1-ஐத் தாண்டினாலே திருத்திய எண் உயர்ந்துவிடும். விவரங்கள் போதிய அளவு இருக்கும்போது, பயனற்ற காரணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தற்செயலாகவே இந்த எல்லையைத் தாண்டிவிடும். வழக்கமான சோதனைகளில் கேட்கும் எல்லை ஏறத்தாழ 2. எனவே திருத்திய எண் சிறிது உயர்ந்தது என்பதற்காகவே ஒரு காரணியை உள்ளே விட்டுவிடக்கூடாது.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. சூத்திரத்தில் உள்ள p, உள்ளே அமர்ந்திருக்கும் காரணிகளை மட்டுமே எண்ணுகிறது. நாம் முயன்று பார்த்துத் தள்ளிவிட்டவற்றை அது அறியாது. நூறு காரணிகளை ஒவ்வொன்றாக மழையோடு ஒப்பிட்டு, நன்றாக ஒத்துப்போன ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டால், சூத்திரம் ஐந்துக்குத்தான் கட்டணம் வாங்கும். ஆனால் நூறும் பயனற்றவையாயிருந்தாலும் அவற்றுள் ஐந்தாவது வழக்கமான சோதனையில் தேறிவிடுவது இயல்பு. அந்த ஐந்தும் சேர்ந்து திருத்திய எண்ணையும் அழகாக உயர்த்திக் காட்டும். நூறு பேரிலிருந்து பொறுக்கி எடுத்த ஐவரை, தானாக வந்த ஐவர்போல் மதிப்பிடுவதே இங்கு நேரும் பிழை.

வியப்பு என்னவென்றால், இதை வாக்கரே உணர்ந்திருந்தார். பலவற்றுள் பெரியதாகத் தெரியும் ஒட்டுறவை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உண்மையானதா என்று எப்படி அறிவது என்பதைப் பற்றி 1914இலேயே இந்திய வானிலைத் துறையின் வெளியீட்டில் அவர் எழுதினார். திருத்திய ஆர்-ஸ்கொயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட எச்சரிக்கை அது.

இதற்கு மருந்து ஒன்றுதான். கையில் உள்ள ஆண்டுகளில் சிலவற்றைத் தொடாமல் எடுத்துவைத்துவிட வேண்டும். காரணிகளைத் தேர்வதும் கெழுக்களைக் காண்பதும் மற்ற ஆண்டுகளைக் கொண்டே நடக்க வேண்டும். முடிவில் எடுத்துவைத்த ஆண்டுகளின் மழையைக் கணித்து, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, சராசரியை மட்டும் சொல்லியிருந்தால் வந்திருக்கும் பிழையோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பிழை குறைந்திருந்தால் காரணிகளில் உண்மை உண்டு. உள்ளே 0.75 என்று காட்டிய கணக்கு வெளியே சராசரியிடமே தோற்றால், அது படித்ததை ஒப்பித்ததே தவிர மழையை அறியவில்லை.

எடுத்துவைத்த ஆண்டுகளிலும் நல்லது கெட்டது இரண்டும் இருக்க வேண்டும். எல்லாம் இயல்பான ஆண்டுகளாக அமைந்துவிட்டால், 1988 முதல் 2001 வரை நேர்ந்ததைப் போலச் சோதனையே சோதனையாக இராது.

ஆகவே மாணவியரே, உங்கள் செயல்திட்டத்திலோ செய்தித்தாளிலோ ‘ஆர்-ஸ்கொயர் 0.9’ என்று ஓர் எண்ணைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை விவரங்களுக்கு எத்தனை காரணிகள்? முயன்று பார்த்துத் தள்ளியவை எத்தனை? பார்க்காமல் எடுத்துவைத்த விவரங்களில் கணிப்பு எப்படி இருந்தது? முதல் கேள்விக்குத் திருத்திய ஆர்-ஸ்கொயர் விடை தரும். மற்ற இரண்டுக்கும் கணக்குப் போட்டவர்தான் விடை சொல்ல வேண்டும்.